காக்காவைத் தாத்தா என்கிற குழந்தைக்கு நாக்கில் கத்தி வேண்டாம்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து அப்பா அம்மாக்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் நான். எல்.கே.ஜி. சேர்க்கை நடக்கும் மாதங்களில் என் அறை வாசலில் செருப்புகள் கூடிவிடும். இந்த வருடமும் கூடின. ஆனால் இந்த முறை வந்தவர்களில் நான்கு பேர் ஒரே கோரிக்கையோடு வந்தார்கள். "நாக்குக்கு அடியில் நரம்பு இழுக்கிறதாம். வெட்டிவிட்டால் சரியாகிவிடுமாம். எந்த டாக்டரிடம் போகலாம்?" நான்கு குழந்தைகளுக்கும் மூன்று, மூன்றரை வயது. நான்கு பேருமே 'க' வரவேண்டிய இடத்தில் 'த' சொன்னார்கள். ஒரு குழந்தையின் டைரியில் பள்ளிக்கூடத்திலிருந்தே, 'நாக்கைப் பரிசோதிக்கவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்த கோபத்தில்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் குறைந்துவிட்டது, விஷயம் மட்டும் மிஞ்சியது.

ஒரு குழந்தையின் கதையை முதலில் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயது இரண்டு மாதத்துப் பெண். வீட்டில் தாத்தா இறந்து அரை வருடம் ஆகியிருந்தது. அமாவாசை அன்று பாட்டி மொட்டை மாடிச் சுவரில் சோறு வைத்தார். காக்கா வந்து உட்கார்ந்தது. குழந்தை கையை நீட்டி, "தாத்தா! தாத்தா!" என்று குதித்தது. பாட்டி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாதது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரு முழுக்கச் செய்தி போயிற்று. அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். ஏனென்றால் அதே குழந்தை காட்பாடியைத் 'தாட்பாடி' என்றது, கத்திரிக்காயைத் 'தத்திரித்தாய்' என்றது, மக்கன் பேடாவை 'மத்தன் பேடா' என்றது. மக்கன் பேடாவுக்குள் எந்தத் தாத்தாவும் வந்து உட்கார முடியாதல்லவா?

அந்த அம்மா என்னிடம் வந்தபோது நான் முதலில் செய்தது, குழந்தையைப் பேசச் சொல்லாமல் கேட்கச் சொன்னது. மேசைமேல் இரண்டு படங்கள் வைத்தேன், ஒன்று காக்கா, இன்னொன்று கைத்தடி வைத்த தாத்தா. என் வாய் தெரியாதபடி ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, "காக்கா எங்கே?" என்றேன். காக்காவைத் தொட்டாள். "தாத்தா எங்கே?" தாத்தாவைத் தொட்டாள். மாற்றி மாற்றிப் பத்து முறை கேட்டேன், பத்தும் சரி. அடுத்து காக்கா படத்தை எடுத்து, அவள் சொல்வது போலவே, "இது தாத்தாவா?" என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. "இல்லை! தாத்தா!" என்று கத்தினாள். அதாவது, நீ தப்பாகச் சொல்கிறாய், அது தாத்தா இல்லை, 'தாத்தா' என்று எனக்குத் திருத்தம் சொன்னாள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஜீன் பெர்கோ, ராஜர் பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960-லேயே இப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதிவைத்தார்கள். அந்தக் குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்றது. பெரியவர் "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டால் மறுத்தது, "ஃபிஷ்" என்று கேட்டால்தான் ஒப்புக்கொண்டது, ஒப்புக்கொண்டு மறுபடியும் "ஃபிஸ்" என்றது. குழந்தையின் காதும் மனமும் சொல்லைச் சரியாக வைத்திருக்கின்றன. வாய்க்கு வரும் வழியில்தான் 'க' மாறிவிடுகிறது. ஆகவே, "க்கா சொல்லு, க்கா சொல்லு" என்று உட்கார வைத்து ஐம்பது முறை உருப்போட வைப்பதால், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றையே நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் வழியில் என்ன நடக்கிறது? ஒரு நிமிடம் இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக 'தா' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்பல்லின் பின்னால் போய் ஒட்டி விலகுகிறது. இப்போது 'கா'. நுனி கீழேயே கிடக்கிறது, நாக்கின் பின்பகுதி மட்டும் முதுகைத் தூக்கிக்கொண்டு, மேலே உள்நாக்குக்கு முன்னால் இருக்கிற மெல்லிய அண்ணத்தில் போய் ஒட்டுகிறது. 'தா'வுக்கு நாக்கு முழுவதும் ஒரே கட்டையாகத் தாடையோடு சேர்ந்து மேலே வந்தாலே போதும். 'கா'வுக்கு அது போதாது. ஒரே தசைக்கட்டின் ஒரு பாதி சும்மா இருக்கவேண்டும், மறு பாதி வேலை செய்யவேண்டும். ஐந்து விரல்களில் மோதிர விரலை மட்டும் தனியே தூக்கிப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். சிறு குழந்தையின் வாய்க்குள் நாக்கு அதன் இடத்துக்குப் பெரியது, முன்னும் பின்னும் தனித்தனியாக அசைய இன்னும் பழகாதது. இன்னொன்றும் இருக்கிறது. அம்மா 'தா' என்னும்போது நாக்கு நுனி பல்லிடுக்கில் தெரிகிறது. 'கா' என்னும்போது வாய்க்குள் இருட்டுதான் தெரிகிறது. பார்த்துப் பழக அங்கே ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு அப்பா என்னை மடக்கினார். "மேடம், என் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே 'ங்கா' சொன்னானே? அப்போது வந்த 'க' இப்போது எங்கே போயிற்று?" நல்ல கேள்வி. நம் வீடுகளில் பாலுக்கே 'இங்கா' என்று பெயர் வைக்குமளவுக்கு அந்த ஒலி எல்லாப் பிள்ளைகளிடமும் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை எப்படிக் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மல்லாக்க. பெரிய நாக்கு தன் கனத்திலேயே பின்னால் சரிந்து மெல்லண்ணத்தில் உராய்கிறது, மூச்சு வெளியே வரும்போது 'ங்' என்றும் 'க்' என்றும் ஓசை வருகிறது. அதைப் பிள்ளை செய்யவில்லை, பூமியின் ஈர்ப்பு செய்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் நாக்கு முன்னால் வந்துவிடுகிறது, அந்த உதவி போய்விடுகிறது. அதன்பின் 'க' வேண்டுமென்றால் அவனாகத் தூக்கித்தான் ஆகவேண்டும். இந்த 'ங்கா'வை மறக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி இது நமக்கு வேண்டியிருக்கிறது.

சோம்பல், அலட்சியம், செல்லம் கொடுத்த கொழுப்பு என்றெல்லாம் சொல்கிறவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டுவேன். அந்தப் பெண் 'தங்கை' என்ற சொல்லை எப்படிச் சொன்னாள் தெரியுமா? 'தந்தை'. மாங்காய் 'மாந்தாய்'. சங்கு 'சந்து'. கவனியுங்கள், 'க' மட்டும் மாறவில்லை, அதற்கு முன்னால் நிற்கிற 'ங'வும் கூடவே 'ந' ஆகியிருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ககர ஙகரங்களை நாக்கு தொடங்குகிற பின்பகுதியில் ஒரு ஜோடியாகவும், தகர நகரங்களை நாக்கு நுனியில் இன்னொரு ஜோடியாகவும் வைக்கிறது. மூன்று வயதுக்காரி ஒரு ஜோடியை அப்படியே தூக்கி இன்னொரு ஜோடியின் இடத்தில் வைத்திருக்கிறாள். சோம்பேறிக்கு இந்த ஒழுங்கு வராது. அதே சமயம் 'மகன்', 'பகல்' போன்ற சொற்களை அவள் கெடுக்கவில்லை. நாம் பேசும்போது அங்கே வருகிற 'க' நாக்கு ஒட்டாமல் காற்றாக நழுவிப்போகிற 'க' என்பதால், தூக்க வேண்டிய வேலையே இல்லை.

இப்போது நாக்கு வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நாக்கின் அடியில் இருக்கிற மெல்லிய சவ்வு சில குழந்தைகளுக்குக் குட்டையாக இருப்பது உண்மை. அப்போது கட்டுப்படுவது நாக்கின் நுனி. நுனி கட்டுப்பட்டால் எந்த ஒலி கெடவேண்டும்? நுனியால் சொல்கிற ஒலிதானே? உங்கள் பிள்ளையோ எல்லாவற்றையும் 'த' ஆக்கிக்கொண்டிருக்கிறான். நுனியைத்தான் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறான். அடிச்சவ்வை வெட்டி நுனியை விடுவித்தால் பின்நாக்குக்கு என்ன லாபம்? கால் பெருவிரலில் இருக்கிற கட்டை அவிழ்த்தால் முழங்கை வலி போகுமா? வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கிற பாட்டிகளிடமும் இதையே சொல்கிறேன். தேய்க்கிறது நுனியில், வேலை கெட்டிருப்பது பின்னால்.

காதைப் பற்றி மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். மூன்று வயதைத் தாண்டிய எந்தக் குழந்தை பேச்சுக் குறையோடு வந்தாலும் நான் முதலில் கேட்புப் பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், ஒரு வாரம் தலையணையை அழுத்திக்கொண்டு கேட்பது போலக் கேட்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிவிடும். பரிசோதனை வலியில்லாதது. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்வார்கள், பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய்க் கேளுங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் காது நன்றாக இருந்தது. நான் பயிற்சி எதுவும் தொடங்கவில்லை. நான்கு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு ஏமாற்றம், காசு கொடுத்தும் ஒன்றும் செய்யவில்லையே என்று. ஆனால் 'க' 'த' ஆவது பெரும்பாலான குழந்தைகளிடம் மூன்றரை வயதுக்குள் தானாகக் கரைந்துபோகிற பழக்கம். கரைகிறதா என்று பார்க்கக் காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை கொடுத்தேன். குழந்தை "தாத்தா" என்று காக்காவைக் காட்டினால், "ஆமாம், காக்கா. காக்கா சோறு தின்கிறது. காக்காவுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கலாமா?" என்று பேச்சைத் தொடரவேண்டும். சரியான சொல் இரண்டு மூன்று முறை காதில் விழவேண்டும், திருப்பிச் சொல்லச் சொல்லி நிற்க வைக்கக் கூடாது. கூடவே, சித்தப்பாவும் மாமாவும் ஆசைக்காக அவளைப் போலவே 'தத்திரித்தாய்' என்று பேசிக் காட்டுவதையும் நிறுத்தச் சொன்னேன். அவர்களை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது என்று அந்த அம்மா பின்னால் சொன்னார்.

மூன்று வயது ஏழு மாதத்தில் திரும்பி வந்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. காக்கா இப்போது 'தாக்கா' ஆகியிருந்தது. சொல்லின் நடுவில் 'க' வந்துவிட்டது, தொடக்கத்தில் வரவில்லை. பல பிள்ளைகளிடம் நான் பார்க்கிற வரிசை இது. நடுவில் 'க்க' இரட்டித்து, நாக்கு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் அந்த நேரம் இல்லை. மூன்றரை தாண்டிவிட்டது, பாதி வழியில் நிற்கிறாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேலி செய்யத் தொடங்கியிருந்தார்கள். இனித் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

அவளைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். இங்கேதான் அந்த 'ங்கா' வருகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு உதவிய அதே ஈர்ப்பைக் கடன் வாங்கினோம். வாயைத் திறந்து, தண்ணீர் இல்லாமலே தொண்டையில் கொப்பளிப்பது போல் விளையாடினோம். பின்நாக்கு அண்ணத்தைத் தொடும் இடம் எதுவென்று அவளுக்கே உணர்வு வந்தது. பிறகு நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு தட்டையான மரக்குச்சியால் லேசாகப் பிடித்துக்கொண்டு 'தூ' சொல்லச் சொன்னேன். நுனி எழ முடியாததால் பின்பகுதி எழுந்தது, 'கூ' வந்தது. அவளே திகைத்துவிட்டாள். (குச்சி வைப்பதை வீட்டில் செய்யாதீர்கள், குமட்டி வாந்தி எடுத்தால் அதன்பின் பிள்ளை வாயே திறக்காது.)

'கா'வில் தொடங்காமல் 'கூ'வில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஊ, ஓ சொல்லும்போது நாக்கு ஏற்கெனவே பின்னால் ஒதுங்கி நிற்கிறது, 'க' அதற்குப் பக்கத்து வீடு. ஈ சொல்லும்போது நாக்கு முன்னால் பாய்கிறது, அதனால் 'கீ' கடைசி. அப்படித்தான் மூக்கு, ஊக்கு என்று ஆரம்பித்து, கூடு, கோழி, காது என்று போய், கிளியில் முடித்தோம். வாரம் ஒருநாள் என்னிடம் நாற்பது நிமிடம், மற்ற நாட்களில் வீட்டில் ஐந்து நிமிடம், ஐந்தே சொற்கள்.

சொல் வந்தபிறகு சீட்டு விளையாட்டு. தோடு–கோடு, தட்டு–கட்டு, முத்து–முக்கு என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். இப்போது நான் கேட்கிறவள், அவள் கட்டளையிடுகிறவள். கோடு வேண்டுமென்று நினைத்துக்கொண்டு "தோடு" என்றால் நான் ஒன்றும் பேசாமல் தோட்டை எடுத்துக் கொடுத்துவிடுவேன். திட்டு இல்லை, திருத்தம் இல்லை. வேண்டியது கிடைக்கவில்லை என்பதே போதும். கையிலிருந்த தோட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், நாக்கைப் பின்னால் இழுத்து, "கோடு" என்பாள். இந்த ஒரு விளையாட்டில் கிடைப்பது நூறு முறை உருப்போடுவதில் கிடைக்காது.

ஐந்தாவது வாரம் அம்மா பதறிப்போய் போன் செய்தார். குழந்தை எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்கிறாள் என்றார். 'தண்ணி' வேண்டும் என்பவள் 'கண்ணி' கேட்கிறாள். எழுதிப் பார்த்தால் தண்ணீர் கண்ணீராகிவிட்டது. உச்சக்கட்டமாக, சுவரில் மாலை போட்டு வைத்திருக்கும் தாத்தாவின் போட்டோவைக் காட்டி, "காக்கா" என்றாளாம். பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்! இது கெட்ட அறிகுறி இல்லை. புதிதாகக் கிடைத்த கருவியைப் பிள்ளை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது, சைக்கிள் பழகியவன் எதிர்வீட்டுக்கும் சைக்கிளில் போவது போல. இரண்டு வாரத்தில் அது அடங்கியது. ஒன்பதாவது வாரம் நிறுத்திக்கொண்டோம்.

உங்கள் பிள்ளை விஷயத்தில் எப்போது வரவேண்டும் என்று கேட்பீர்கள். வெளியாள், அதாவது உங்கள் வீட்டுப் பேச்சுக்குப் பழகாத ஒருவர், மூன்று வயதுப் பிள்ளை பேசுவதில் முக்கால் பங்கைப் புரிந்துகொள்ளவேண்டும், நான்கு வயதில் ஏறக்குறைய முழுவதையும். அப்படி இல்லையென்றால் வாருங்கள். நான்கு வயதாகியும் காக்கா தாத்தாவாகவே இருந்தால் வாருங்கள். மாற்றம் எதிர்த்திசையில் போனால், அதாவது எளிதான 'த', 'ப' எல்லாம் 'க' ஆனால், வயது எதுவானாலும் உடனே வாருங்கள். பேச்சு மூக்கு வழியாக வந்தாலும் அப்படியே. அண்ணத்தைப் பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்கை எல்லா எழுத்துக்கும் போடாதீர்கள். 'ர' ஐந்து, ஆறு வயதுவரைகூட இழுக்கும், எல்.கே.ஜி. பிள்ளை மரத்தை 'மலம்' என்றால் சிரித்துவிட்டு விடுங்கள். 'ழ'வை நான் குறையாகவே எழுதுவதில்லை. நம் பக்கத்தில் 'வாயப்பயம்' என்று கூவி வாழைப்பழம் விற்கிறவர் தவறாகப் பேசவில்லை, அவர் ஊர்ப் பேச்சைப் பேசுகிறார். அவர் பேரனும் அப்படியே பேசுவான்.

வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள், இரண்டு மொழியால் குழம்பிவிட்டது என்று ஒரு மொழியை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு பையன் தமிழில் காதைத் 'தாது' என்றான், உருதுவில் வாழைப்பழமான கேலாவைத் 'தேலா' என்றான். இரண்டிலும் அதே மாற்றம். அப்படி இருந்தால் காரணம் மொழியில் இல்லை, நாக்கில் இருக்கிறது. ஒன்றில் சரிசெய்தால் மற்றதிலும் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

கடைசி நாள் அந்தப் பெண்ணை அழைத்துவந்தது பாட்டி. மாடிச் சுவரில் இப்போதும் சோறு வைக்கிறாராம், குழந்தையும் தவறாமல் கூட வந்து நின்று, "காக்கா, காக்கா" என்று கூப்பிடுகிறாளாம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கியவர் திரும்பி நின்று, "இன்னும் ஒரு அமாவாசை விட்டுவைத்திருக்கலாமே அம்மா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பேச்சுப் பயிற்சியாளர்,
காட்பாடி.